எந்தச் சங்கிலி? ஓர் ஓரக்குறிப்பும் ஒரு கட்டுரையும்

*ஐயா, நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் கலைப்பிரிவில் வரலாறு படிக்கிறேன். ‘1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானமைக்கான காரணங்களை ஆராய்க’ என்ற ஒப்படைக்கு ஆறு பந்தியில் கட்டுரை எழுதினேன். மிஸ் ஐந்து இடத்தில் சிவப்பு மையால் எழுதித் தந்தா. 2ஆம் பந்தியில் ‘எந்தச் சங்கிலி?’, 3இல் ‘கதையாகப் போகிறது’, 4இல் எதிர்மன்னசிங்கன் வரும் இடத்தில் ‘இது தேவையா?’, 5இல் காக்கை வன்னியனுக்குப் பக்கத்தில் ‘ஆதாரம்?’, கடைசியில் ‘முடிவு எங்கே?’. திருத்தி எழுதி, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று தனி ஒற்றையில் எழுதி இணைக்கச் சொன்னா. நான் சங்கிலிக்கு முன்னால் ‘இரண்டாம்’ என்று சேர்த்தேன். 4ஆம் பந்தியை எடுத்துவிட்டேன். 5இல் யாழ்ப்பாண வைபவமாலை என்று புத்தகத்தின் பெயரைப் போட்டேன். குறிப்பு ஒற்றையில் எல்லாவற்றுக்கும் ‘மிஸ் சுட்டிக்காட்டியபடி திருத்தப்பட்டது’ என்று எழுதினேன். ‘இது திருத்தம் இல்லை’ என்று திருப்பித் தந்துவிட்டா. இனி என்ன செய்வது? என் 2ஆம் பந்தி இது: ‘சங்கிலி மன்னன் 1544இல் மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொன்றான். இதனால் கோபமடைந்த போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து 1619இல் சங்கிலியைப் பிடித்து நாட்டைக் கைப்பற்றினர்.’*

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் மிஸ் எழுதிய ஐந்து குறிப்புகளில் மிகச் சிறியது ‘எந்தச் சங்கிலி?’ என்பது. ஆனால் கட்டுரை முழுவதையும் அசைக்கக்கூடியது அதுதான். அதை ஒழுங்காகப் பின்தொடர்ந்தால் மற்ற நான்கில் மூன்றுக்குத் தானாகவே வழி திறக்கும். அதனால் அதிலிருந்து தொடங்குவோம்.

‘இரண்டாம்’ என்று சேர்த்த பிறகு உங்கள் பந்தி என்ன சொல்கிறது என்று வாசித்துப் பாருங்கள். இரண்டாம் சங்கிலி 1544இல் மன்னாரில் கொலை செய்தான், அதே இரண்டாம் சங்கிலி 1619இல் பிடிபட்டான் என்கிறது. இடையில் 75 ஆண்டுகள். 1544இல் அவனுக்கு இருபது வயதென்றாலும் பிடிபடும்போது தொண்ணூற்றைந்து. முதல் வரைவில் தெளிவில்லாமல் இருந்த விடயம், திருத்திய வரைவில் தெளிவான பிழையாகிவிட்டது. ஓரக்குறிப்பு நிற்கும் இடத்திலேயே ஒரு சொல்லைச் சொருகினால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். குறிப்பு எழுதப்பட்டிருப்பது வாசிப்பவர் தடுக்கி நின்ற இடத்தில். அவரைத் தடுக்க வைத்த கல் அந்த இடத்திலேயே கிடக்கும் என்றில்லை.

இங்கே இருவர் இருக்கிறார்கள். மன்னார்ச் சம்பவம் முதலாம் சங்கிலியின் காலத்தது. அவன் ஆண்டது 1519 முதல் 1561 வரை. 1617இல் ஆட்சியைக் கைப்பற்றி 1619இல் பிடிபட்டவன் சங்கிலி குமாரன் எனப்படும் இரண்டாம் சங்கிலி. இருவரையும் ஒருவராக்கியது நீங்கள் மட்டும் அல்ல. நீங்கள் பெயர் குறிப்பிட்ட வைபவமாலையிலேயே ஒரே ஒரு சங்கிலிதான் வருகிறான். மன்னாரில் கொன்றவனும் கடைசி அரசனும் அவனே. மயில்வாகனப் புலவர் அந்த நூலை ஒல்லாந்தர் காலத்தில், 1736ஐ ஒட்டி, வையாபாடல், கைலாயமாலை போன்ற முன்னைய நூல்களைத் துணையாகக் கொண்டு எழுதினார். அதற்குள் இராச்சியம் வீழ்ந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஒரே பெயருள்ள இரண்டு அரசர்கள் மக்கள் நினைவில் ஒன்றாகிப்போவதற்கு அந்தக் காலம் போதும். இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் உங்கள் மாற்றக் குறிப்பில் ‘ஏன்’ என்ற பகுதிக்கு இதுதான் விடை. ‘மிஸ் சுட்டிக்காட்டினா’ என்பது நீங்கள் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம். வசனம் மாறியதற்கான காரணம் வேறு.

சரி, இருவர் என்று ஏற்றுக்கொண்டவுடன் என்ன நடக்கிறது? உங்கள் பந்தியின் நடுவில் இருக்கும் ‘இதனால்’ என்ற சொல் அறுந்துபோகிறது. 1544இல் கோபமடைந்தவர்கள் 1619இல் வேறொரு அரசனைப் பிடிப்பதற்கு அந்தக் கோபம் நேரடிக் காரணம் ஆகாது. ஆகவே திருத்த வேண்டியது பெயரை அல்ல, ‘இதனால்’ என்பதை. காரணம் கேட்கும் கட்டுரையில் ‘இதனால்’, ‘ஆகவே’, ‘இதன் விளைவாக’ என்று வரும் இடங்களை எல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளைப் பாருங்கள். இடைவெளி ஓரிரு ஆண்டு என்றால் ஒருவேளை நிற்கும். பத்து, இருபது ஆண்டு என்றால் நடுவில் ஏதோ ஒரு படி விடுபட்டிருக்கிறது. எழுபத்தைந்து என்றால் அது வேறொரு கதை.

இப்போது 1544ஐ வெட்டிவிடலாமா? வேண்டாம். அதற்குக் கட்டுரையில் வேலை உண்டு, ஆனால் நீங்கள் கொடுத்த வேலை அல்ல. மன்னாரில் மதம் மாறியவர்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பையும் நாடியவர்கள். தன் குடிகள் வேறோர் அரசின் நிழலுக்குப் போவதை முதலாம் சங்கிலி தன் அதிகாரத்துக்கு வந்த ஆபத்தாகவே பார்த்தான். அங்கே தொடங்கிய பகை 1560இல் படையெடுப்பாக வந்தது. கோவாவிலிருந்து அரச பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிறகன்சா தானே படையோடு வந்து தலைநகர் நல்லூருக்குள் நுழைந்தார். ஆனால் நின்றுபிடிக்க முடியாமல் வெளியேறி, மன்னார்த் தீவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அங்கே கோட்டை கட்டினார். ஆகவே 1544 விளக்குவது 1560ஐ. 1619ஐ அல்ல. திருத்திய பந்தி ஏறக்குறைய இப்படி அமையலாம்:

‘யாழ்ப்பாணத்துக்கும் போர்த்துக்கேயருக்குமான பகை முதலாம் சங்கிலியின் காலத்தில் தொடங்கியது. 1544இல் மன்னாரில் மதம் மாறியோர் கொல்லப்பட்டமை அதன் முதல் பெரிய வெடிப்பு. 1560இல் நடந்த படையெடுப்பில் போர்த்துக்கேயர் நல்லூரை அடைந்தும் அங்கே நிலைக்கவில்லை; மன்னாரை மட்டுமே தக்கவைத்தனர். எனவே இப்பகை இராச்சியத்தின் வாசலில் ஓர் எதிரியை நிறுத்தியதே அன்றி, அதன் வீழ்ச்சியை உடனே ஏற்படுத்தவில்லை.’

கடைசி வசனத்தைக் கவனியுங்கள். இந்தக் காரணம் எவ்வளவு தூரம் விளக்குகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று அது சொல்கிறது. ‘ஆராய்க’ என்று கேட்ட வினாவுக்குப் புள்ளி கிடைப்பது இப்படியான வசனங்களுக்குத்தான்.

இனி 3ஆம் பந்தி. அதை நான் பார்க்கவில்லை, ஆனால் 1560, 1591 படையெடுப்புகள் அங்கே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ‘கதையாகப் போகிறது’ என்ற குறிப்பு வரும் பந்திகளில் அநேகமாக ஒவ்வொரு வசனமும் ஓர் ஆண்டோடு தொடங்கும். அல்லது ‘பின்னர்’, ‘அதன் பிறகு’ என்று தொடங்கும். இதற்கு மருந்து தகவலைக் குறைப்பது அல்ல. பல மாணவர்கள் இந்தக் குறிப்பைக் கண்டதும் பந்தியைப் பாதியாக வெட்டிவிடுகிறார்கள். பிறகு அதே கதை சுருக்கமாக இருக்கும், அவ்வளவுதான். செய்ய வேண்டியது, அந்தத் தகவல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒரு கேள்வி எழுப்புவது.

மூன்று ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1560இல் நல்லூரைப் பிடித்தார்கள், விட்டுப் போனார்கள். 1591இல் அந்திரே பூர்த்தாதோ த மென்டோன்சா தலைமையில் வந்து மீண்டும் பிடித்தார்கள். அரசன் புவிராஜ பண்டாரம் கொல்லப்பட்டான். ஆனால் நாட்டைத் தாங்களே ஆளாமல் எதிர்மன்னசிங்கனை அரியணையில் இருத்திவிட்டுப் போனார்கள். 1619இல் பிலிப் த ஒலிவேறா வந்து பிடித்தபோதோ, வேறோர் அரசனை வைக்கவில்லை. அங்கேயே தங்கிவிட்டார்கள். நிருவாக மையத்தை நல்லூரிலிருந்து கடலோரமாக யாழ்ப்பாண நகருக்கு மாற்றினார்கள், அங்கே கோட்டை கட்டினார்கள். இன்று நாங்கள் பார்க்கும் ஐங்கோணக் கோட்டை ஒல்லாந்தர் மாற்றிக் கட்டியது. ஆனால் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தவர்கள் போர்த்துக்கேயர். தங்கிவிடுவது என்று தீர்மானித்ததற்கு அந்த இடமாற்றத்தைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

இப்படி வைத்துப் பார்த்தால் வினாவின் முகமே மாறுகிறது. நல்லூரைப் பிடிக்கும் படைபலம் போர்த்துக்கேயரிடம் 1619க்கு முன்பே இருந்தது. எனவே ‘ஏன் தோற்றோம்’ என்பது மட்டும் போதாது. இரண்டு முறை பிடித்தும் தங்காதவர்கள் மூன்றாம் முறை ஏன் தங்கினார்கள் என்பதே உண்மையில் விளக்கப்பட வேண்டியது. உங்கள் கட்டுரையின் முதுகெலும்பாக இதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். ஒற்றைச் சொல் திருத்தமாகத் தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது.

இதற்கு விடை தேடும்போது நீங்கள் எடுத்துவிட்ட 4ஆம் பந்தி திரும்பவும் தேவைப்படுகிறது. ‘இது தேவையா?’ என்று மிஸ் எழுதியது ஒரு கேள்வி. அதை நீங்கள் உத்தரவாக எடுத்துக்கொண்டீர்கள். முதல் வரைவில் எதிர்மன்னசிங்கனுக்கு வேலை இல்லாமல் இருந்திருக்கும், அதனால் அந்தக் கேள்வி நியாயமானது. புதிய வரைவில் அவன் இல்லாமல் விடை நகராது. 1591க்குப் பிறகு யாழ்ப்பாண அரசன் போர்த்துக்கேயரின் சம்மதத்தோடு ஆண்ட அரசன். அவன் ஆட்சி 1617 வரை நீடித்தது. அந்த இருபத்தாறு ஆண்டுகளில் சுற்றுப்புறம் மாறிவிட்டது. கோட்டை இராச்சியத்தின் அரசன் தர்மபாலன் 1580இல் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் அரசருக்கு எழுதிக்கொடுத்திருந்தான். 1597இல் அவன் இறந்ததும் போர்த்துக்கேயர் அதற்கு நேரடி உரிமை கோரினர். எதிர்த்து நின்றது கண்டி. கண்டிக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆளும் உதவியும் போவதற்கு யாழ்ப்பாணக் கரை ஒரு வழி என்று போர்த்துக்கேயர் ஐயப்பட்டனர். 1602இல் ஒல்லாந்தர் கண்டி அரசனோடு தொடர்பு கொண்டதும் அந்த வழியைப் பற்றிய கவலை கூடியது. ஆக, யாழ்ப்பாணத்தை ஓர் இணக்கமான அரசன் கையில் விட்டுவைப்பது 1591இல் போதுமாக இருந்தது. 1617இல் போதாமல் போகத் தொடங்கியிருந்தது.

அந்த நேரத்தில்தான் எதிர்மன்னசிங்கன் இறந்தான். வாரிசு சிறுவன். இரண்டாம் சங்கிலி அரச குடும்பத்தில் போட்டியாக இருந்தவர்களைக் கொன்று அதிகாரத்தைப் பிடித்தான். போர்த்துக்கேயரின் அங்கீகாரத்தையும் நாடினான், தன் இடத்தைக் காக்கத் தஞ்சை நாயக்கரிடம் படையுதவியும் பெற்றான். அவனுக்கு அது தற்காப்பு. போர்த்துக்கேயர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர்கள் அஞ்சிய தென்னிந்தியத் தொடர்பு கண்முன்னே வந்து நின்றது. இதுதான் உடனடிக் காரணம். 4ஆம் பந்தியை இந்த நோக்கில் திருப்பி எழுதுங்கள்: எதிர்மன்னசிங்கனின் குணநலம், அவன் ஆட்சிச் சிறப்பு எல்லாம் வேண்டாம். அவன் ஆட்சியில் எது நிலையாக இருந்தது, அவன் இறந்ததும் எது குலைந்தது என்பது மட்டும் போதும். ஏழெட்டு வசனத்தில் முடித்துவிடலாம்.

‘ஆதாரம்?’ என்ற குறிப்புக்குப் புத்தகத்தின் பெயரைப் போட்டது பாதி விடை. எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள். எவ்வளவு நம்பலாம் என்று சொல்லவில்லை. காக்கை வன்னியன் சங்கிலியைக் காட்டிக்கொடுத்த கதை வைபவமாலையில் வருவது. இரண்டு சங்கிலியை ஒருவனாக்கியதும் அதே நூல். இரண்டாம் பந்தியில் அந்த நூலின் பிழையைத் திருத்திவிட்டு, ஐந்தாம் பந்தியில் அதே நூலை எந்தக் கேள்வியும் இல்லாமல் சாட்சிக்கு அழைத்தால், வாசிப்பவர் உடனே பிடித்துவிடுவார். மறுபக்கத்தில் போர்த்துக்கேய மொழியில் குவேறோஸ் பாதிரியார் எழுதிய பெரிய வரலாறு இருக்கிறது. சங்கிலி கடல்வழியாகத் தப்ப முயன்றபோது பிடிபட்டதாகப் போர்த்துக்கேயர் தரப்புச் சொல்கிறது. ஆனால் குவேறோஸ் எழுதி முடித்ததும் 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். கோவாவில் இருந்துதான் எழுதினார், இலங்கைக்கு வந்தவர் அல்லர். போர்த்துக்கேயரின் கையைவிட்டு இலங்கை போன பிறகு, அது ஏன் போனது என்ற ஆதங்கத்தோடு எழுதியவர். பிறநாட்டு நூல் என்பதால் அது நடுநிலையானது என்று நினைத்துவிடக் கூடாது. நம்முடைய நூல் என்பதால் வைபவமாலை பொய்க்கதை என்றும் தள்ளக் கூடாது. தோற்றுப்போன நாட்டு மக்கள் அந்தத் தோல்வியை எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு அது மிகச் சிறந்த சான்று. 1619இல் அந்த நாளில் என்ன நடந்தது என்பதற்கு அதன் பலம் குறைவு.

இதைக் கட்டுரையில் நீட்டத் தேவையில்லை. இரண்டு வசனம் போதும்: ‘காக்கை வன்னியன் அரசனைக் காட்டிக்கொடுத்தான் என்பது, நிகழ்வுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிந்தி எழுதப்பட்ட யாழ்ப்பாண வைபவமாலை தரும் செய்தி, கடல்வழியே தப்ப முயன்றபோது அரசன் பிடிபட்டான் என்பது போர்த்துக்கேயர் தரப்புச் செய்தி. எது உண்மையாயினும் அது அரசன் பிடிபட்ட விதத்தை விளக்குமே அன்றி, இராச்சியம் மீளாமல் போனதை விளக்காது.’ இரண்டாவது வசனத்துக்கு வலுவான துணை ஒன்று இருக்கிறது. சங்கிலி பிடிபட்ட பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. 1620, 1621 ஆண்டுகளில் தஞ்சைப் படைகளின் உதவியோடு போர்த்துக்கேயரை வெளியேற்ற முயன்றார்கள். ஒலிவேறா அவற்றை முறியடித்தார். ஓர் ஆளின் துரோகத்தோடு எல்லாம் முடிந்திருந்தால் அந்தச் சண்டைகள் நடந்திருக்காது.

வைபவமாலையை வகுப்புக் குறிப்பில் மட்டும் பார்த்திருந்தால், noolaham.org தளத்தில் நூலையே திறந்து அந்தப் பகுதியை வாசியுங்கள். ஒரே சங்கிலிதான் வருகிறான் என்பதை உங்கள் கண்ணாலேயே கண்ட பிறகு எழுதும் காரணம், நான் சொன்னதைக் கேட்டு எழுதும் காரணத்தைவிட உறுதியாக இருக்கும்.

முடிவுரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவ்வளவும் மாறிய பிறகு பழைய முடிவுரை எதற்கும் உதவாது, அதைத் திருத்த முயல வேண்டாம். உடல் பந்திகளை எழுதி முடித்து, அவற்றின் முதல் வசனங்களை மட்டும் வரிசையாக வாசித்து, அவை எங்கே கொண்டு போய் விடுகின்றனவோ அதை மூன்று நான்கு வசனத்தில் புதிதாக எழுதுங்கள். ‘பல காரணங்களால் வீழ்ந்தது’ என்று எழுதினால் மறுபடியும் அதே சிவப்பு மைதான். எந்தக் காரணம் முதன்மையானது, எது துணை, ஏன் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். முன்னுரையையும் அதற்குப் பிறகே பாருங்கள். பழைய முன்னுரை பழைய கட்டுரைக்கு வாக்குக் கொடுத்திருக்கும்.

வேலையின் ஒழுங்கு பற்றி ஒன்று. பழைய வரைவின் மேலேயே வெட்டி எழுதாதீர்கள். அதன் பந்திகளுக்கு 1 முதல் 6 வரை இலக்கமிட்டு அப்படியே வைத்துவிட்டு, புதிய ஒற்றைகளில் எழுதுங்கள். முதலில் எந்தப் பந்தி என்ன வேலை செய்யப் போகிறது என்று ஒவ்வொரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு சான்றுகள், எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையும் எல்லாவற்றுக்கும் கடைசியில். பிழை திருத்திச் செப்பமாக்கிய பந்தியைப் பிறகு தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. அப்படி வராமல் போனதாலேயே பழைய வாதம் புதிய கட்டுரைக்குள் நின்றுவிடும். மேலும், திருத்தும்போது கட்டுரை நீளும். எண்ணூறு சொல் எல்லை என்றால், 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்த கதையிலிருந்து தொடங்கும் முன்னுரைதான் முதலில் சுருங்க வேண்டும்.

மாற்றக் குறிப்பை எழுதுவதைக் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு பந்தியும் முடிந்த கையோடு இரண்டு மூன்று வரி எழுதிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து யோசித்தால் ‘திருத்தப்பட்டது’ என்ற ஒரு சொல்தான் நினைவுக்கு வரும். நீங்கள் கணினியில் தட்டச்சு செய்பவராக இருந்தால், மாற்றங்களை நிறத்தில் காட்டும் வசதி என்ன மாறியது என்பதைக் காட்டும். ஏன் மாறியது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் மூன்று விடயம் இருக்கட்டும்: பழைய வரைவு என்ன சொன்னது, புதியது என்ன சொல்கிறது, எந்தச் சான்றோ கணக்கோ அந்த மாற்றத்தைக் கட்டாயமாக்கியது. 2ஆம் பந்திக்கான பதிவு இப்படி இருக்கலாம்:

‘பந்தி 2. முன்பு: 1544 சம்பவம் 1619 வீழ்ச்சிக்கு நேரடிக் காரணம் என எழுதியிருந்தேன். இப்போது: அது 1560 படையெடுப்புக்கும் மன்னார் இழப்புக்கும் காரணம் என மாற்றியுள்ளேன். ஏன்: 1544இன் அரசனும் 1619இன் அரசனும் வேறு வேறானவர்கள். இடையில் 75 ஆண்டுகள். வைபவமாலை இருவரையும் ஒருவராகக் கூறுவதால் முதல் வரைவில் இப்பிழை ஏற்பட்டது.’

4ஆம் பந்திக்கான பதிவு வேறு மாதிரி, ஏனென்றால் அங்கே நீங்கள் குறிப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை:

‘பந்தி 4. முன்பு: எதிர்மன்னசிங்கனின் ஆட்சி பற்றிப் பொதுவாக எழுதியிருந்தேன். “இது தேவையா?” எனக் கேட்டிருந்தீர்கள். இப்போது: பந்தியை வைத்துக்கொண்டு அதன் நோக்கத்தை மாற்றியுள்ளேன். ஏன்: 1591இல் போர்த்துக்கேயர் ஏற்படுத்திய ஒழுங்கு 1617 வரை நீடித்ததையும், அவன் இறந்ததும் அது குலைந்ததையும் காட்டாமல், 1619இல் அவர்கள் தங்கியதை விளக்க முடியவில்லை.’

ஆசிரியரின் குறிப்பை ஏற்காமல் இருப்பது மரியாதைக் குறைவு அல்லவா என்று தயங்க வேண்டாம். கேள்வி கேட்டவருக்குக் காரணத்தோடு விடை சொல்வதுதான் மரியாதை. காரணம் சொல்ல முடியாமல் ‘எனக்கு இது பிடித்திருக்கிறது’ என்று மட்டும் எழுத வருகிறது என்றால், மிஸ் சொன்னது சரி என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடுங்கள்.

யாரும் கேட்காமலே நீங்கள் செய்த மாற்றங்களையும் எழுதுங்கள். முன்னுரை மாறியது, 3ஆம் பந்தி ஒப்பீடாகியது, வாதமே ‘ஏன் வீழ்ந்தது’ என்பதிலிருந்து ‘ஏன் இம்முறை தங்கினார்கள்’ என்பதற்கு நகர்ந்தது எல்லாம் அதில் வர வேண்டும். எல்லாப் பதிவுக்கும் ஒரே நீளம் தேவையில்லை. சிறிய மொழித் திருத்தங்களை எல்லாம் சேர்த்து ஒரே வரியில் ‘எழுத்துப்பிழைகள் திருத்தப்பட்டன’ என்று முடித்துவிடலாம்; ஆண்டு ஒன்று மாறியிருந்தால் மட்டும் அதை அந்த வரிக்குள் ஒளிக்காமல் தனியாக எழுதுங்கள். மொத்தமாக ஓர் ஒற்றையின் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும்.

எழுதிய குறிப்பைச் சோதிக்க ஒரு வழி: ஒவ்வொரு ‘ஏன்’ வரியையும் கட்டுரையை வாசிக்காத ஒரு வகுப்புத் தோழிக்குக் காட்டுங்கள். எந்த ஆண்டில், யாரைப் பற்றி, எந்தச் சான்றால் மாற்றினீர்கள் என்று அவவுக்கு விளங்கினால் அந்தப் பதிவு சரி. வேறு எந்தப் பாடத்தின் எந்தக் கட்டுரைக்கும் அதே வரியைப் போடலாம் என்றால் அது இன்னும் காரணமாகவில்லை. ‘தெளிவாக்கப்பட்டது’, ‘மேலும் விளக்கப்பட்டது’ என்பவை இந்த வகை.

கையளிக்கும் முன் புதிய வரைவில் ‘சங்கிலி’ என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் விரலை வைத்து, முதலாமவனா இரண்டாமவனா என்று பாருங்கள். முன்னுரையிலும் முடிவுரையிலும்தான் இது தப்பிவிடும். பிறகு மேலே மாற்றக் குறிப்பு, அடுத்துப் புதிய வரைவு, அதன் கீழ் சிவப்பு மையோடு பழைய வரைவு என்ற ஒழுங்கில் சேர்த்துக் குத்திக் கொடுங்கள். முதல் தரம் திருத்திக் கொடுத்து மிஸ் திருப்பித் தந்த வரைவையும் எறிந்துவிடாமல் பழையதோடு வையுங்கள். ‘இரண்டாம்’ என்ற சொல் அங்கே சேர்ந்ததும், அது ஏன் போதவில்லை என்பதும் உங்கள் 2ஆம் பந்திப் பதிவில் ஒரு வசனமாக வரலாம்.